பிளேட்டுக்கு வெளியே ஐம்பது மில்லிமீட்டர்

அவருடைய பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் புழக்கத்தில் இருந்தது. மற்ற எல்லா இடங்களிலும் அவர் ‘முப்பது டிகிரி’. அலுவலக வாசலில் காவலுக்கு நிற்பவரிடம்கூட, “முப்பது டிகிரி சார் வந்துட்டாரா?” என்று கேட்டால், “வந்து நாலு பேரைத் திட்டியும் முடிச்சுட்டாரு” என்பார்.

அவருடைய தொழில் மற்றவர்களின் கணக்கைச் சரிபார்ப்பது. யாரோ ஒருவர் இரும்புக் கூரையைக் கணக்குப் போடுவார், இன்னொருவர் வரைவார், மூன்றாமவர் வெட்டி முடுக்குவார். இத்தனை பேரும் சேர்ந்து செய்த நல்ல காரியத்தில் ஓட்டை தேடுவதற்கென்றே ஒருவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுப்பார்கள் என்பது அவர் உறவினர்களில் பலருக்கு இன்றுவரை புரியாத விஷயம். பெண் பார்க்கப் போன காலத்தில், “மாப்பிள்ளை என்ன பண்றார்?” என்று கேட்டதற்கு, “மத்தவங்க தப்பைக் கண்டுபிடிக்கிறார்” என்று சொல்லப்பட்டதாம். பெண்ணின் அப்பா போலீஸ் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார்.

இருபத்தாறு வருடங்களாக அவர் சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பென்சில் இருந்தது. அந்த இருபத்தாறு வருடங்களில் அவருடைய தாள் ஒன்றின் மேல் வேறெவரும் சிவப்பால் ஒரு கோடு போட்டதில்லை. இதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. யாராவது கேட்டால் மட்டும் சொல்வார். கேட்காதவர்களைக் கேட்கவைக்கும் வழியும் அவருக்குத் தெரியும்.

பட்டப்பெயரின் கதை இது. கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டமான இரும்பு டிரஸ்ஸில், சாய்ந்து வரும் கம்பிகளும் படுத்திருக்கும் கம்பிகளும் ஓரிடத்தில் சந்திக்கும். அந்தச் சந்திப்பில் எல்லாவற்றையும் பிடித்துவைத்திருக்கும் தட்டையான தகடுதான் கஸெட் பிளேட். சாய்வுக் கம்பி போல்ட்டுகள் வழியாக அந்தத் தகட்டை இழுக்கும். தகடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், முழுத் தகடும் வந்து கைகொடுக்காது. எவ்வளவு அகலம் உண்மையில் வேலை செய்கிறது என்பதற்கு விட்மோர் அகலம் என்று ஒரு கணக்கு உண்டு. கம்பி தகட்டுக்குள் நுழையும் இடத்தில் உள்ள முதல் போல்ட் வரிசையிலிருந்து, இரண்டு பக்கமும் முப்பது டிகிரி விரித்துக் கோடு இழுக்க வேண்டும். கம்பியின் நுனியில் இருக்கும் கடைசி வரிசைக்கு வரும்போது அந்தக் கோடுகளுக்கு நடுவே எவ்வளவு அகலம் இருக்கிறதோ, அவ்வளவுதான் கணக்கில் சேரும்.

இதை அவர் பல் வைத்தியரிடம் விளக்கியிருக்கிறார். வைத்தியர் அவர் வாயில் பஞ்சை வைத்த பிறகும் விளக்கினார். கொடியில் புடவை காயப்போடும்போது மனைவிக்கு விளக்கியிருக்கிறார். “குழாய் வாயில விரலை வெச்சா தண்ணி எப்படி விரிஞ்சு போகுது? அந்த மாதிரிதாம்மா விசை.” மனைவி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மனிதர்கள் புலம்புவதை முகம் மாறாமல் கேட்கப் பயிற்சி எடுத்தவர். “சரிங்க, அந்தப் பக்க நுனியைப் பிடிங்க” என்பார்.

மனைவியின் தம்பி இரும்புப் பட்டறை வைத்திருந்தார். ஊர் ஓரத்தில் பெரிய கொட்டகை, பத்துப் பன்னிரண்டு ஆட்கள், வெட்டும் இயந்திரம் ஒன்று, துளைபோடும் இயந்திரம் இரண்டு. முப்பது டிகிரியின் அலுவலகம் தரும் வரைபடங்களில் பாதி அங்கேதான் இரும்பாக மாறின. உறவு இருக்கிறதே என்று அவர் மைத்துனருக்குச் சலுகை காட்டினார் என்று யாரும் சொல்ல முடியாது. மற்ற பட்டறைக்காரர்களிடம் ஒரு தப்பை ஒருமுறை சொல்பவர், மைத்துனரிடம் மூன்று முறை சொல்வார்: பட்டறையில் ஒருமுறை, விசேஷ வீட்டுப் பந்தியில் ஒருமுறை, பிறகு அக்காவின் மூலம் ஒருமுறை.

“மச்சான், உனக்குக் கை இருக்கு. கணக்குதான் இல்லை” என்பது அவருடைய நிரந்தரத் தீர்ப்பு.

“ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருந்தா உங்களுக்கு வேலை போயிடுமே மாமா” என்பார் மைத்துனர்.

பேருந்துப் பணிமனை ஒன்றுக்குக் கூரை போடும் வேலை வந்தது. நான்கு டிரஸ்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு முனைகளுக்கு அருகே உள்ள சாய்வுக் கம்பிகளில்தான் இழுப்பு மிக அதிகம். அந்தச் சந்திப்புகளுக்கான கஸெட் பிளேட் மொத்தம் எட்டு. பத்து மில்லிமீட்டர் தடிமன். சேனல் எனப்படும் இரண்டு பள்ள வடிவக் கம்பிகளுக்கு நடுவே தகடு. இரண்டு கோடுகளில், கோட்டுக்கு நான்காக எட்டு போல்ட். கணக்கு வந்தது, முப்பது டிகிரி சரிபார்த்தார், கையெழுத்துப் போட்டார். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டிய அவசியம் எனக்கு வந்திருக்காது.

புதன்கிழமை முற்பகல் அவர் பட்டறைக்குப் போனார். மறுநாள் காலை கிரேன் வந்து முதல் டிரஸ்ஸைத் தூக்குவதாக ஏற்பாடு. மூன்று டிரஸ்கள் முழுதாக முடுக்கப்பட்டு, சாயம் பூசப்பட்டு, கல்யாண வீட்டுக்குக் கிளம்பத் தயாரான அத்தைகளைப் போல வரிசையாகக் கிடந்தன. நான்காவதற்கான இரண்டு கஸெட் பிளேட்டுகள் மட்டும் துளை போட்டு மர ஸ்டூல் மேல் வைக்கப்பட்டிருந்தன.

“வாங்க மாமா. இன்னைக்கு என்ன தப்புன்னு முடிவு பண்ணிட்டு வந்தீங்களா, இல்லை இங்க வந்துதான் தேடணுமா?”

“தேடவே வேண்டாம் மச்சான். உன் வேலை தானா வந்து நிக்கும்.”

டேப்பை எடுத்தார். துளைக்கும் துளைக்கும் அறுபது. சரி. கோட்டுக்கும் கோட்டுக்கும் எழுபது. சரி. முதல் போல்ட்டிலிருந்து ஓரம் நாற்பது. அதுவும் சரி. ஒன்றுமே கிடைக்காததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். வழக்கமாக வைத்திருக்கும் மூலைமட்டத்தையும் சாக்பீஸையும் எடுத்தார். தகட்டின் மேலேயே விட்மோர் கோடு போட்டுக் காட்டுவது அவருக்குப் பிடித்த வித்தை. துளைபோடும் இயந்திரத்துக்காரர் உட்பட நாலு பேர் கூடிவிட்டார்கள். பார்த்ததே என்றாலும், வேலையிலிருந்து ஐந்து நிமிஷம் கிடைக்கிறதே.

இடது பக்கம் முதல் வரிசைத் துளையிலிருந்து முப்பது டிகிரியில் கோடு போனது. கடைசி வரிசையின் மட்டத்தில் போய் நின்றது. தகட்டின் ஓரம் இன்னும் தள்ளி இருந்தது.

“பாத்தீங்களா? விசை இப்படித்தான் விரியும். இது இயற்கை. இதுக்கு மேலதிகாரி கிடையாது.”

வலது பக்கம் மூலைமட்டத்தை வைத்தார். சாக்பீஸ் நகர்ந்தது. பாதி வழியில் சத்தம் மாறியது. இரும்பின் மேல் கீச்சென்று போய்க்கொண்டிருந்த சாக்பீஸ், மொத்தென்று மரத்தின் மேல் விழுந்தது. கோடு தகட்டை விட்டு இறங்கி ஸ்டூலின் மேல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பக்க மூலை சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. கடைசி வரிசையின் மட்டத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். கோடு போய் நிற்க வேண்டிய இடத்துக்கும் இரும்பு முடிகிற இடத்துக்கும் நடுவே சரியாக ஐம்பது மில்லிமீட்டர்.

அவர் முகத்தில் அப்போது வந்த ஒளியை, அவருடைய மகள் பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய அன்று பார்த்ததாகத்தான் மைத்துனருக்கு ஞாபகம்.

“மச்சான்! விட்மோர் அகலம் இருநூத்தி எழுபத்தெட்டு. கணக்குல அதைத்தான் எடுத்திருக்கு. நீ மூலையை வெட்டிட்டே. இப்ப இருக்கிறது இருநூத்தி இருபத்தெட்டு. மீதி ஐம்பது எங்க? காத்துல! காத்தை இரும்புன்னு கணக்குல எழுத முடியுமா? சொல்லு!”

“முடியாது மாமா.”

“காத்து எவ்வளவு டன் தாங்கும்?”

“தெரியலை மாமா.”

“இந்த மூலையை வெட்டச் சொன்ன மகாபுத்திசாலி யாரு?”

மைத்துனர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். உள்ளே போனார். வரைபடத்தோடு வந்தார். எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாளைத் தகட்டின் மேலேயே விரித்து, ஒரு மூலைக்கு நட்டும் இன்னொரு மூலைக்கு டீ கிளாஸும் வைத்து, நிதானமாக விரலால் காட்டினார்.

கஸெட் பிளேட்டின் வலது மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு சாய்வுக் கோடு. பக்கத்தில் அழகான, சாய்வில்லாத கையெழுத்தில்: ‘இவ்வளவு இரும்பு வீண். வெட்டவும்.’ கீழே சுருக்கக் கையொப்பம்.

அது யாருடைய கையெழுத்து என்று அங்கே யாரும் கேட்கவில்லை. துளைபோடும் இயந்திரத்துக்காரருக்குத் திடீரென்று இயந்திரத்தின் மேல் அக்கறை வந்து, போய்விட்டார். மற்றவர்கள் போகவில்லை.

முப்பது டிகிரிக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட்ட பிறகு, வரைபடம் மேசையில் கிடந்தபோது, அந்த மூலை அவர் கண்ணை உறுத்தியது. யானைக் காது மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. அழகுணர்ச்சி என்பது அவருக்கு வருடத்துக்கு ஒருமுறை வருவது, அன்று வந்துவிட்டது. கோடு போட்டார். அலுவலகத்து வரைவாளர் அம்மா ஒரு சின்னச் சீட்டில், ‘மூலையை எடுத்தா கணக்கு மாறுமா சார்?’ என்று கேட்டு அனுப்பியிருந்தார். அதன் கீழேயே, ‘மாறாது’ என்று எழுதி அனுப்பினார். வேறு எவராவது கையெழுத்துக்குப் பிறகு வரைபடத்தை மாற்றியிருந்தால் அவர் அந்த ஆளை மூன்று தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டியிருப்பார்.

“டீ ஆறுது மாமா” என்றார் மைத்துனர்.

அவர் ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்து, டீ கிளாஸை எடுக்காமல், வரைபடத்தின் ஓரத்திலேயே கணக்குப் போட்டார். சாய்வுக் கம்பியின் இழுப்பு, பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்கு சேர்த்து, 560 கிலோநியூட்டன். முழு அகலத்தில் தகடு தாங்கக்கூடியது 631. வெட்டிய பிறகு 518. மறுபடியும் போட்டார். இந்த முறை மிகவும் பிரியமாகப் போட்டார். 518.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கூரை நாளைக்கே விழுந்துவிடாது. ஒன்றரை மடங்கு என்பது சேமிப்பு மாதிரி. சாதாரண நாளில் கம்பியில் இருக்கும் இழுப்பு 375ஐத் தாண்டாது. வாய் திறக்காமல் இருந்தால் அந்தக் கூரை அவர் ஆயுளுக்கும், அதற்குப் பிறகும்கூட நிற்கலாம். என்றைக்காவது, யாரும் எதிர்பார்க்காத பாரம் ஏறும் ஒரு நாளில்தான் அந்த ஐம்பது மில்லிமீட்டர் தேவைப்படும். அந்த நாள் வராமலேயே போகலாம். வாய் திறந்தாலோ, இருபத்தாறு வருடத்துத் தாள்களில் முதல் சிவப்பு நாளைக்கே விழும். இது அவருக்குத் தெரிந்தது. இது தெரிந்ததுதான் தொல்லை.

“பிளாக் ஷியர்!” என்றார் திடீரென்று.

“என்ன மாமா?”

“பிளாக் ஷியர்ல தேறுது மச்சான். கோப்புல குத்தின தாளை வெடுக்குனு இழுத்தா என்ன ஆகும்? துளையைச் சுத்தி ஒரு துண்டு கோப்புலேயே தங்கிடும். அந்த மாதிரி போல்ட் கூட்டம் தகட்டுல ஒரு துண்டையே பேத்துக்கிட்டு வரும். ரெண்டு கோட்டுலயும் நெடுக்க அறுந்து, கடைசி வரிசையில குறுக்க பிஞ்சு, ஒரு செவ்வகம் கழண்டு வரணும். அதுக்கு மூலையே தேவையில்லை. மூலை இருந்தா என்ன, போனா என்ன?”

வேகமாகப் போட்டார். நெடுக்கில் 220 மில்லிமீட்டர், இரண்டு பக்கம். அதில் துளைகளுக்குப் போனது கழித்து. குறுக்கில் எழுபது, அதிலும் துளை கழித்து. 646.

“560க்கு 646! தாங்குது!” என்று நிமிர்ந்தார். கப்பல் மூழ்கும்போது ஒரு நாற்காலி மிதந்து வருவதைப் பார்த்தவரின் முகம்.

“அப்போ விட்மோர்ல தேறலைன்னா பரவாயில்லையா?”

“அது… ரெண்டுலயும் தேறணும். எது கம்மியோ அதான் கணக்கு. ஆனாலும் ஒண்ணுல தேறுதுல்ல?”

மைத்துனர் தகட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தியரி தெரியாத மனிதர். ஆனால் இருபது வருடமாக இரும்பு எப்படி எப்படியெல்லாம் கிழியும் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்.

“ஒரு சந்தேகம் மாமா. கிழியறது ரெண்டு கோட்டுலயும்தான் கிழியணும்னு ஏதாவது சட்டம் இருக்கா?”

“ஏன்?”

“இல்ல… இப்ப ஓரம் கிட்டக்க வந்துடுச்சில்ல. இந்தத் தூரத்துக் கோட்டுல மட்டும் நெடுக்க அறுந்து, கடைசி வரிசையில வந்து, அப்படியே குறுக்க வெட்டின பக்கமா வெளியே போயிட்டா? கோப்புல ஓரத்துல இருக்கிற தாள் அப்படித்தானே கிழியும்? ஒரு பக்கமா?”

பட்டறையில் எல்லா இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவருக்கு ஒரு அமைதி கேட்டது.

குறுக்கில் எழுபதோடு ஓரம் வரை ஐம்பத்துநான்கு, நூற்று இருபத்துநான்கு. நெடுக்கில் ஒரு கோடு மட்டும். போட்டார். 525. மூலையை வெட்டாமல் இருந்திருந்தால் எவ்வளவு என்றும் போட்டார். 639. அவரே கதவை வெட்டி வைத்திருக்கிறார். கிழிசல் அந்த வழியாக வெளியே போகிறது.

“எவ்வளவு மாமா?”

“ஐந்நூத்தி இருபத்தஞ்சு.”

“தேவை ஐந்நூத்தி அறுபதுல்ல?”

“எனக்குத் தெரியும்!”

மைத்துனர் பெருந்தன்மையாகச் சிரிக்காமல் இருந்தார். அப்படிச் சிரிக்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்தால், சிரித்திருந்தாலே தேவலை என்று தோன்றியது.

“கணக்கு இல்லாத கைக்கு ஒரு கேள்வி கேக்கலாமா மாமா?”

“கேளு.”

“கிரேன்காரருக்குப் போன் நீங்க பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?”

போனை வாங்கினார். கிரேன்காரர் சத்தமாகப் பேசும் ஆள். பக்கத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. “ஏன் சார் நாளைக்கு வேண்டாம்? பட்டறைக்காரர் ஏதாவது சொதப்பிட்டாரா?”

முப்பது டிகிரி மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் மேலே கொட்டகைத் தகரத்தைப் பார்த்தார். அங்கே ஒரு புறா இருந்தது. ‘ஆமாம்’ என்று ஒரு சொல். அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. கிரேன்காரர் யாரிடமும் விசாரிக்கப் போவதில்லை.

“இல்லைய்யா. அவர் வேலை சுத்தம்” என்றார் முப்பது டிகிரி. “நான்தான் சொதப்பிட்டேன்.”

மறுமுனையில் கிரேன்காரரின் சத்தம் பாதியாகக் குறைந்தது. “சார், நீங்கதானா பேசறது?”

மைத்துனர் புறாவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

எட்டுத் தகட்டையும் மூலை வெட்டாமல் புதிதாகச் செய்ய வேண்டும். பத்து மில்லி தகடு பட்டறையில் இருந்தது. மூன்று டிரஸ்களில் போல்ட்டைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதை வைத்து முடுக்க மூன்று நாள் ஆகும் என்றார் மைத்துனர். “சாயம் பூசினது போனா போகுது மாமா. அழகுக்காகத்தானே எல்லாம் ஆச்சு.”

மதியத்துக்கு மேல் அலுவலகம் திரும்பினார். வரைபடத்தைத் திருத்த வேண்டும். திருத்தப்பட்ட வரைபடத்தின் ஓரத்தில் ஒரு கட்டம் உண்டு: எண், தேதி, திருத்தத்தின் காரணம். காரணத்தைச் சொல்ல வேண்டியவர் சரிபார்ப்பாளர். எழுத வேண்டியவர் வரைவாளர். வரைவாளர் அம்மா பத்தொன்பது வருடமாக அந்தக் கட்டத்தை நிரப்பிவருபவர். ‘வடிவமைப்பாளர் கவனக்குறைவு’, ‘வரைவாளர் பிழை’, ‘பட்டறை பிழை’ என்றெல்லாம் முப்பது டிகிரி சொல்லச் சொல்ல எழுதியவர்.

“மூலையை மறுபடி போட்டாச்சு சார். காரணம் என்னன்னு போடட்டும்?”

“‘வடிவ மாற்றம்’னு போடுங்க.”

அவர் போடவில்லை. “அது என்ன மாறிச்சுன்னு சொல்லுது சார். ஏன் மாறிச்சுன்னு கட்டம் கேக்குது.”

“‘தள நிலைமையை முன்னிட்டு’?”

“தளத்துல என்ன நிலைமை சார்?”

“‘கூடுதல் பாதுகாப்புக்காக’ன்னு போடுங்கம்மா. நல்ல வார்த்தைதானே?”

“நல்ல வார்த்தைதான். போன மாசம் வடிவமைப்புல இருக்கிற தம்பி இதே வார்த்தையைச் சொன்னப்ப, ‘கூடுதல்னா எதைவிடக் கூடுதல்?’னு கேட்டு அழ வெச்சீங்க.”

அழவில்லை, கண்ணில் தூசி விழுந்தது என்று அந்தத் தம்பி அடுத்த மேசையிலிருந்து தெளிவுபடுத்தினார். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் மட்டுமல்ல, அந்த அறையில் அரை மணி நேரமாக எவரும் கீபோர்டில் ஒரு எழுத்தையும் தட்டியதாகத் தெரியவில்லை.

வரைவாளர் அம்மா மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒரு சின்னச் சீட்டை எடுத்து மேசை மேல் வைத்தார். ‘மூலையை எடுத்தா கணக்கு மாறுமா சார்?’ ‘மாறாது.’

“இதை வெச்சிருக்கீங்களா?”

“எல்லாத்தையும் வெச்சிருக்கேன் சார். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்.”

அவர் அந்தச் சீட்டைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு கணினித் திரையைப் பார்த்துச் சொன்னார், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே இடம்விட்டு: “சரிபார்ப்பாளர்… பிழை. வெட்டிய பின்… விட்மோர் அகலமும்… பிளாக் ஷியரும்… மறுபடி பார்க்கவில்லை.”

வரைவாளர் அம்மா தட்டச்சு செய்தார். “கட்டம் சின்னது சார். ‘பிழை’ வரைக்கும்தான் பிடிக்குது.”

“ரெண்டு வரியா போடுங்க. மீதியும் தெரியணும். அடுத்தவன் என்னத்தைப் பார்க்கணும்னு அப்பத்தான் தெரியும்.”

அச்சடித்த தாள் வந்தது. தன் கணக்கைத் தானே சரிபார்க்கக் கூடாது என்பது அந்த அலுவலகத்தில் அவரே கொண்டுவந்த விதி. அதனால் புதுக் கணக்கை வடிவமைப்புத் தம்பியிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. தம்பி மூலை திரும்பி வந்துவிட்டதா என்று முதலில் பார்த்தார், விட்மோர் கோடு இரண்டு பக்கமும் இரும்புக்குள் நிற்கிறதா என்று பார்த்தார், கிழிசலுக்கு மூன்று வழி போட்டுப் பார்த்தார். எல்லாம் தேறியது. பழைய தாளை ரத்து செய்ய அதன் குறுக்கே சிவப்பில் கோடு போட வேண்டும். தம்பியிடம் சிவப்புப் பென்சில் இல்லை.

அந்த அறையில் சிவப்புப் பென்சில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

தம்பி கைநீட்டத் தைரியமில்லாமல் நின்றார். முப்பது டிகிரி சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். “நேரா போடுப்பா. கோணலா போட்டா அதுக்கு வேற திட்டுவேன்.” தம்பி ஸ்கேல் வைத்துப் போட்டார்.

சாயங்காலம் வீட்டில், தட்டில் சாதத்தை ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், “என் தம்பி போன் பண்ணான்” என்றார் மனைவி.

“சொல்லிட்டானா?”

“ரெண்டு தடவை சொன்னான். முதல் தடவை சந்தோஷத்துல எனக்குப் புரியலை.” குழம்பை ஊற்றினார். “அவன் மேல போட்டிருக்கலாம்ல? கிரேன்காரன் கேட்டானாமே.”

“போட்டிருக்கலாம்.”

“ஏன் போடலை?”

“அவன் துளை எல்லாம் சரியா போட்டிருந்தான்” என்றார், அதுவே போதுமான விளக்கம் என்பதுபோல. உண்மையில் அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மனைவி எதிரே உட்கார்ந்தார். தலையில் கைவைத்து, ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறார் என்று அவர் எதிர்பார்த்தார். இருபத்தாறு வருடத்துச் சுத்தமான தாள் கெட்டவருக்கு அவ்வளவாவது கிடைக்க வேண்டாமா?

“ஏங்க, வார்டுல ஒரு ஊசி மாத்திப் போட்டது தெரிஞ்சா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? அன்னைக்கு அந்த நர்ஸ் போட்ட எல்லா ஊசியையும் எடுத்துப் பார்ப்போம். ஒண்ணு தெரிஞ்சதால மத்ததெல்லாம் சரின்னு ஆகாதே.”

“அதுக்கு?”

“இந்த மூலை ஒண்ணுதான் கண்ணை உறுத்திச்சா? முன்னாடி எதுவும் உறுத்தலையா?”

அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். அழகுணர்ச்சி வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று முன்பு சொன்னேன். இருபத்தாறு வருடம். அவர் மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது.

“சாப்பிட்டு முடிங்க. இப்பவே ஓடாதீங்க, ஆபீஸ் பூட்டியிருக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை கிரேன் வந்து முதல் டிரஸ்ஸைத் தூக்கியது. புதுத் தகடுகள் யானைக் காது மாதிரியே இருந்தன. மைத்துனர் பெருந்தன்மையாக, “மாமா, இந்தப் பக்கம் கொஞ்சம் அசிங்கமா தெரியுதே, லேசா சீவிடலாமா?” என்று மூன்று முறை கேட்டார்: ஏற்றும்போது ஒருமுறை, இறக்கும்போது ஒருமுறை, பிறகு கிரேன்காரரின் மூலம் ஒருமுறை. முப்பது டிகிரி மூன்று முறையும் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை வரைவாளர் அம்மா வந்தபோது, பழைய வரைபடங்கள் இருக்கும் அலமாரியின் முன்னால் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் தூசி. சுற்றிலும் உருட்டி வைத்த தாள்கள். சிவப்புச் சாய்வுக் கோடு இருக்கும் ஒவ்வொன்றையும் ஒரு பக்கமாக அடுக்கியிருந்தார். அடுக்கு முழங்கால் உயரம் வந்திருந்தது.

“எத்தனை சார்?”

“பதினேழு வரைக்கும் வந்திருக்கேன். இன்னும் அஞ்சு வருஷம் பாக்கி இருக்கு.”

“எல்லாத்துலயும் மூலையா?”

“சிலதுல மூலை. சிலதுல ஓரம். ஒண்ணுல ரெண்டு போல்ட்டையே எடுத்துட்டிருக்கேன்.” அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது. “அது பள்ளிக்கூடக் கூரை.”

வரைவாளர் அம்மா கைப்பையை மேசையில் வைத்தார். நாற்காலியைத் தேடவில்லை, அவரும் தரையிலேயே உட்கார்ந்து, அடுக்கிலிருந்து அந்தப் பள்ளிக்கூடக் கூரையை உருவினார். தாளைத் தரையில் விரித்து, பறக்காமல் இருக்க ஒரு முனையில் தன் செருப்பை வைத்தார்.

“இழுப்பு எவ்வளவு சார்?”

“முந்நூத்திப் பத்து.”

“போல்ட் எத்தனை வரிசை மிச்சம்?”

“மூணு. இருங்க, நான் கணக்குப் போடறேன்.”

“நீங்க போடக் கூடாது சார்” என்றார் அவர். “உங்க விதி.” திரும்பிப் பார்த்து, வாசலில் அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்த வடிவமைப்புத் தம்பியை விரல் அசைத்துக் கூப்பிட்டார்.